பணம் எங்கே நிற்கிறது? எக்ஸ்சேஞ்சுக்கு எழுதும் செய்தியைத் திருத்துவது

வளைகுடா நாடுகளிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பணம் சொன்ன நேரத்தில் சேராவிட்டால், எக்ஸ்சேஞ்சுக்கு முதலில் போகும் செய்தி பெரும்பாலும் பதற்றத்தில் எழுதப்பட்டதாகவே இருக்கும். பதற்றத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தச் செய்தியைக் கையில் வாங்கும் கவுன்ட்டர் ஊழியர் கணினியில் தட்டிப் பார்க்க அதில் ஒரு எண்கூட இருக்காது. அதனால் "செக் பண்ணிச் சொல்றேன்" என்ற பதிலோடு ஒரு நாள் கழிந்துவிடுகிறது. அதே செய்தியைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அன்றைக்கே தெரிய வாய்ப்புண்டு. துபாயிலிருந்து தமிழ்நாட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை எடுத்துக்காட்டாக வைத்து அதைப் பார்க்கலாம்.

பணம் போகும் வழி

துபாயில் கவுன்ட்டரில் கட்டிய திர்ஹாம் அப்படியே ஊருக்குப் பயணப்படுவதில்லை. அங்குள்ள எக்ஸ்சேஞ்சு நிறுவனம், இந்தியாவில் ஒரு வங்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கே ரூபாய்க் கணக்கு ஒன்றை வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டை இந்திய ரிசர்வ் வங்கி 'ரூபாய் டிராயிங் அரேஞ்ச்மென்ட்' என்ற பெயரில் ஒழுங்குபடுத்துகிறது. கவுன்ட்டரில் பணம் கட்டியதும், இன்னாருடைய கணக்குக்கு இவ்வளவு ரூபாய் என்ற உத்தரவு அந்தப் பங்காளி வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி எக்ஸ்சேஞ்சின் ரூபாய்க் கணக்கில் கழித்துக்கொண்டு, நெஃப்ட் போன்ற உள்நாட்டு வழியில் வீட்டாரின் வங்கிக்கு அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டில் பணம் வங்கிக் கணக்கில்தான் சேரும். ரொக்கமாகக் கையில் வாங்க முடியாது.

ஆகவே தாமதம் மூன்று இடங்களில் ஒன்றில் நேர்கிறது. முதல் இடம் எக்ஸ்சேஞ்சு. அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் பெயர்களை அங்கே தடைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பலருக்கும் பொதுவான ஒரு பெயர் பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போனாலே, ஆவணம் கேட்டுப் பணத்தை நிறுத்தி வைப்பதுண்டு. இரண்டாவது இடம் இந்தியாவில் உள்ள பங்காளி வங்கி. மூன்றாவது, வீட்டார் கணக்கு வைத்திருக்கும் வங்கி.

மூன்றாவது இடத்தில் சிக்கும் பணம்தான் அதிகக் குழப்பம் தருகிறது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் எந்நாளும் இயங்குகிறது. அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் போகிறது. ஒரு கணக்கில் வரவு வைக்க முடியாவிட்டால், அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்கே பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அது திரும்புவது பங்காளி வங்கிக்குத்தான். அங்கிருந்து எக்ஸ்சேஞ்சின் தலைமை அலுவலகத்துக்கும், அங்கிருந்து கிளைக்கும் தகவல் வர நாள் கணக்கில் ஆகலாம். இதற்கிடையில் கிளையின் கணினித் திரையில் 'அனுப்பப்பட்டது' என்றே இருக்கும். ஊழியர் அதைப் பார்த்து "போயிடுச்சே" என்பார். வீட்டார் கணக்கைப் பார்த்து "வரவில்லை" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

பதற்றத்தில் எழுதிய செய்தி

துபாய் தேராவில் வேலை பார்க்கும் ஒருவர் திங்கட்கிழமை மாலை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கும் மனைவிக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியது 1,500 திர்ஹாம். ரேட் 23 ரூபாய் 80 காசு. ஊரில் சேர வேண்டியது 35,700 ரூபாய். கட்டணம் 20 திர்ஹாமும் அதன்மேல் 5 சதவீத வாட் 1 திர்ஹாமும் சேர்த்து அவர் கட்டியது 1,521 திர்ஹாம். வியாழக்கிழமை காலை வரை பணம் சேரவில்லை. அவர் கிளையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இப்படி எழுதுகிறார்:

"அண்ணே, திங்கக்கிழமை போட்ட காசு இன்னும் ஊருக்குப் போகல. உடனே போயிடும்னு நீங்கதான சொன்னீங்க. வீட்ல தினமும் போன் பண்ணிக் கேக்குறாங்க, பையனுக்கு ஃபீஸ் கட்டணும். இப்படியே பண்ணீங்கன்னா இனிமே உங்க பக்கமே வரமாட்டேன். ஏதாவது பண்ணுங்க."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சம்பள வாரத்தில் ஒரு கிளையில் திங்கட்கிழமை பணம் போட்டவர்கள் ஏராளம். எந்தப் பணம் என்று தெரிய எண் வேண்டும். 'இன்னும்' என்றால் எந்த நேரம் வரை என்பதும் இல்லை. நேற்றிரவு பார்த்ததா, இன்று காலை பார்த்ததா? 'உடனே போயிடும்' என்பது வாய்வார்த்தை. அதைச் சொன்ன ஊழியர் இன்று விடுப்பில் இருந்தால் அந்தப் பேச்சுக்குச் சாட்சியே கிடையாது. ஃபீஸ் கட்ட வேண்டியது உண்மை. ஆனால் என்றைக்குள் என்று சொல்லாததால் அவசரத்தின் அளவு புரியாது. கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. 'ஏதாவது பண்ணுங்க' என்பதற்கு 'பண்றேன்' என்று சொன்னாலே பதில் சொன்னதாகிவிடுகிறது.

எழுதும் முன் பார்க்க வேண்டியவை

திருத்தி எழுதுவதற்கு முன் ரசீதை ஒரு முறை முழுதாகப் படிப்பது நல்லது. பெறுபவரின் கணக்கு எண்ணைப் பாஸ்புத்தகத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். நெஃப்ட்டில் வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான். பெயரைப் பார்த்து அல்ல. ஒரு இலக்கம் மாறியிருந்து, மாறிய எண்ணில் வேறு யாருக்காவது கணக்கு இருந்தால், பணம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். அப்படியானால் எழுத வேண்டியது தாமதம் பற்றிய செய்தியே அல்ல. தவறான கணக்குக்குப் போன பணத்தை நிறுத்தவோ மீட்கவோ கேட்கும் அவசரச் செய்தி.

கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பார்க்க வேண்டும். அது 11 எழுத்துகள் கொண்டது. ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். வங்கிகள் இணைந்தபோது பல குறியீடுகள் மாறின. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடும், கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடும் இணைந்தன. பழைய பாஸ்புத்தகத்தின் படத்தைப் பார்த்துப் பதிந்த விவரம் செல்லாத குறியீடாக இருக்கலாம்.

ஊரிலும் ஒரு வேலை இருக்கிறது. எஸ்எம்எஸ் வரவில்லை என்பதால் பணம் வரவில்லை என்று ஆகாது. கணக்கு அறிக்கையையோ பாஸ்புத்தகப் பதிவையோ பார்க்க வேண்டும். அதில் வரவு கணவர் பெயரில் இல்லாமல் பங்காளி வங்கியின் பெயரிலோ எக்ஸ்சேஞ்சின் சுருக்கப் பெயரிலோ இருக்கலாம் என்பதால், பெயரைத் தேடாமல் தொகையைத் தேடுவதே சரி.

பிறகு கெடு. வாயால் 'உடனே' என்று சொல்லியிருந்தாலும், ரசீதில் 'அடுத்த வங்கி வேலை நாள்' என்று அச்சிட்டிருந்தால் பேச வேண்டியது அந்த அச்சை வைத்துத்தான். எந்த நாட்டு வேலை நாள் என்பதும் முக்கியம். 2022 முதல் அமீரகத்தில் பொதுவாக சனி, ஞாயிறு விடுமுறை. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை அரைநாள். இந்திய வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் எல்லா ஞாயிறுகளும் விடுமுறை. நெஃப்ட் ஓடிக்கொண்டிருந்தாலும், திரும்பிய பணத்தைக் கையாளும் அலுவலர்கள் அன்று இருக்கையில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நம் எடுத்துக்காட்டில் பணம் கட்டியது ஆகஸ்ட் 4, திங்கள் மாலை. கெடு ஆகஸ்ட் 5, செவ்வாய் முடிவோடு கடந்துவிட்டது. வியாழன் காலையில் எழுதும் செய்திக்கு இந்த ஒரு கணக்கே போதுமான வலு தருகிறது.

திருத்திய செய்தி

கவுன்ட்டர் ஊழியரால் இந்தியாவில் சிக்கிய பணத்தைத் தானாக எடுத்துவிட முடியாது. அவர் தன் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார். அவர்கள் பங்காளி வங்கிக்கு எழுதுவார்கள். ஆகவே நல்ல செய்தி என்பது ஊழியர் அப்படியே மேலே அனுப்பக்கூடிய செய்தி. எதிரில் இருப்பவர் தெரிந்தவர் என்றால் 'அண்ணே' என்று தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்குக் கீழே வரும் வரிகள், இருவரையும் அறியாத மூன்றாவது ஆள் படித்தாலும் புரிய வேண்டும். மாதிரி எண்களோடு அது இப்படி அமையும்:

"வணக்கம் அண்ணே. சொன்ன நாளில் சேராத பணம் பற்றி எழுதுகிறேன்.

ரசீது எண்: 0417229863
கட்டியது: ஆகஸ்ட் 4, திங்கள், மாலை 6.40, தேரா கிளை
தொகை: 1,500 திர்ஹாம் (35,700 ரூபாய்)
பெறுபவர்: என் மனைவி, பெயர் ரசீதில் உள்ளபடி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 5528

ரசீதில் 'அடுத்த வங்கி வேலை நாள்' என்று இருக்கிறது. அதன்படி செவ்வாய்க்கிழமை சேர்ந்திருக்க வேண்டும். இன்று, ஆகஸ்ட் 7 வியாழன், இந்திய நேரம் காலை 9.30 வரை கணக்கு அறிக்கையில் வரவு இல்லை. ரசீதில் உள்ள கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் பாஸ்புத்தகத்தோடு சரிபார்த்துவிட்டோம், சரியாக இருக்கின்றன.

பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்: உங்கள் நிறுவனத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறதா, இந்திய வங்கியில் இருக்கிறதா, அல்லது திரும்பிவிட்டதா? அனுப்பியாகிவிட்டது என்றால் யுடிஆர் எண்ணையும் அனுப்பிய தேதியையும் தாருங்கள். நிறுத்தப்பட்டிருந்தால் என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகஸ்ட் 11 திங்கள் கடைசி நாள். இடையில் விடுமுறை வருவதால் இன்று மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும். புகாராகப் பதிவு செய்திருந்தால் அதன் எண்ணையும் தாருங்கள். ரசீதின் படம் இணைத்திருக்கிறேன்."

முதல் செய்தியைவிட இது நீளம். ஆனாலும் படிப்பவருக்கு வேலை குறைவு. முதல் நான்கு வரிகளை வைத்தே அவர் பணத்தைத் திரையில் எடுத்துவிடலாம். தேதியை 4/8 என்று எழுதாமல் மாதத்தின் பெயரோடு எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. இலக்கமாக எழுதினால் சிலர் அதை ஏப்ரல் 8 என்று படிப்பார்கள். துபாய்க்கும் இந்தியாவுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், எந்த நாட்டு நேரம் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. கணக்கு எண்ணைச் சரிபார்த்துவிட்டோம் என்ற வரி, 'நம்பர் சரியான்னு பாருங்க' என்று வரக்கூடிய முதல் பதிலை முன்கூட்டியே தடுத்து ஒரு சுற்றை மிச்சப்படுத்துகிறது.

செய்தியின் மையம், பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. அதற்கு 'பார்க்கிறேன்' என்பது பதிலாகாது. மூன்று இடங்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யுடிஆர் எண் கேட்பது அதைவிடவும் முக்கியம். நெஃப்ட்டில் ஒவ்வொரு பணத்துக்கும் 16 எழுத்துகள் கொண்ட தனி எண் உண்டு. அதன் முதல் நான்கு எழுத்துகள் அனுப்பிய வங்கியைக் காட்டும். அந்த எண் கைக்கு வந்தால், வீட்டார் தங்கள் வங்கிக் கிளையிலேயே அதைக் காட்டி, பணம் வந்ததா, திரும்பியதா, ஏன் திரும்பியது என்று கேட்கலாம். எக்ஸ்சேஞ்சு கொடுக்கும் ரசீது எண்ணைத் தஞ்சாவூர் கிளையில் காட்டினால் அவர்களால் ஒன்றும் தேட முடியாது.

செய்தியில் வேண்டுமென்றே விட்டவையும் உண்டு. முழுக் கணக்கு எண், எமிரேட்ஸ் ஐடியின் படம், பாஸ்புத்தகத்தின் படம் ஆகியவை இல்லை. ரசீது எண்ணை வைத்து ஊழியரே அவற்றைத் திரையில் பார்க்க முடியும். ரசீதின் படத்திலும் முழுக் கணக்கு எண் தெரிந்தால் அதை மறைத்துவிட்டு அனுப்பலாம். செய்தி போகும் எண் ரசீதிலோ கிளையின் பலகையிலோ அச்சிட்ட எண்ணாக இருக்க வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலிகள் உண்டு. ஓடிபி கேட்பவரும், பணத்தை விடுவிக்க இன்னொரு கட்டணம் போடச் சொல்பவரும் மோசடிக்காரர்கள் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

'இனிமே வரமாட்டேன்' என்ற மிரட்டலும் போய்விட்டது. அதன் இடத்தில் புகார் எண் கேட்கும் வரி வந்திருக்கிறது. அது கிளைக்குள் நடந்த பேச்சைப் பதிவேட்டுக்குக் கொண்டுபோகிறது. அதனால் வாடிக்கையாளரை இழப்போம் என்ற மிரட்டலைவிட அதற்குக் கனம் அதிகம்.

பதிலுக்குப் பிறகு

வரும் பதில் எதுவோ, அடுத்த செய்தி அதற்கேற்றது. ஆவணம் கேட்டு நிறுத்தியிருந்தால், கேட்டதை மட்டும் கிளையில் நேரில் கொடுத்துவிட்டு, 'இன்ன ஆவணத்தை இன்ன நேரத்தில் கொடுத்தேன், எப்போது விடுவிப்பீர்கள்?' என்று ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. பெயர் ஒப்பீட்டால் நின்ற பணத்தைக் கிளை ஊழியரால் விடுவிக்க முடியாது. அதற்கென்று தலைமை அலுவலகத்தில் தனிப் பிரிவு இருக்கும். கிளையில் சத்தம் போட்டும் பயன் இல்லை.

நம் எடுத்துக்காட்டில் மாலைக்குள் யுடிஆர் எண்ணோடு பதில் வருகிறது என்று கொள்வோம்: பணம் செவ்வாய்க்கிழமை காலையே வீட்டாரின் வங்கிக்குப் போய், அன்றே பங்காளி வங்கிக்குத் திரும்பிவிட்டது. மனைவி கிளையில் விசாரித்ததில், கேஒய்சி விவரம் புதுப்பிக்காததால் கணக்கு முழுமையாக முடக்கப்பட்டிருப்பது தெரிகிறது. அப்படி முடக்கிய கணக்கில் வரவும் ஏறாது. எக்ஸ்சேஞ்சிலும் தவறில்லை, கணக்கு எண்ணிலும் தவறில்லை. தாமதமானது பணம் திரும்பிய தகவல்தான்.

இப்போது கேட்கக்கூடியவை மூன்று. கேஒய்சியைச் சரிசெய்துவிட்டு அதே கணக்குக்கு மறுபடி அனுப்பச் சொல்லலாம். பெறுபவரின் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லலாம். அல்லது பணத்தைத் துபாயில் திருப்பித் தரச் சொல்லலாம். இவற்றில் ஒன்றை மட்டும் எழுத வேண்டும். 'அனுப்புங்க, இல்லேன்னா திருப்பிக் கொடுங்க' என்று எழுதினால் எதைச் செய்வது என்று தெரியாமல் வேலை மறுபடி நிற்கும். அதே பெயரில் உள்ள வேறு கணக்கு என்றால் மாற்றுவது எளிது. பெறுபவரே மாறினால் மறுபடி பெயர்ச் சோதனை நடக்கும், நேரம் கூடும். திருப்பித் தரச் சொல்வதானால் எந்த ரேட்டில் தருவார்கள், கட்டணம் திரும்புமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இடையில் ரேட் மாறியிருந்தால் கைக்கு வருவது 1,500 திர்ஹாமாக இல்லாமலும் போகலாம். திங்கட்கிழமை கட்டணம் கட்ட வேண்டியவருக்கு, மனைவி பெயரில் வேறு கணக்கு இருந்தால் இரண்டாவது வழியே வேகமானது.

பதிலே வராவிட்டால் முதல் செய்தியை மறுபடி முழுதாக எழுதத் தேவையில்லை. அதையே மின்னஞ்சலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பி, 'ஆகஸ்ட் 7 காலை கிளைக்கு எழுதினேன். பதில் இல்லை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தலைமை அலுவலகத்தில் தமிழ் தெரியாதவர் படிக்கலாம் என்பதால் அதை ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது. எண்களும் தேதிகளும் அப்படியே இருக்கட்டும். அமீரகத்தில் எக்ஸ்சேஞ்சுகள் மத்திய வங்கியின் உரிமத்தில் இயங்குபவை. நிறுவனத்திடம் புகார் செய்து 30 நாட்களுக்குப் பிறகும் தீராவிட்டால் 'சனதக்' என்ற குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம்.

தவறு இந்தியாவில் உள்ள வங்கியில் என்றால், முதலில் அந்த வங்கியிடம் எழுத்தில் புகார் செய்து, 30 நாட்களுக்குள் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். நெஃப்ட்டில் வரவு வைப்பதோ திருப்புவதோ தாமதமானால், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு 2 சதவீதம் கூட்டி அத்தனை நாளுக்கும் வட்டி தர வங்கி கடமைப்பட்டது. 35,700 ரூபாய்க்கு இரண்டு மூன்று நாள் வட்டி பதினைந்து, இருபது ரூபாய் அளவுதான். இந்த இரு இடங்களிலும் முதலில் கேட்பது ரசீதையும், முன்பு எழுதிய செய்தியையும், புகார் எண்ணையும். உண்டியலில் கொடுத்த பணத்துக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அந்த வழி சட்டத்துக்குப் புறம்பானது. தாமதமானால் கேட்க ஆள் இல்லை.

பணம் சேர்ந்ததும் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. திருப்பித் தரவோ வேறு கணக்குக்கு மாற்றவோ கேட்டிருந்த நிலையில் பழைய கணக்கில் பணம் வந்துவிட்டால், அதை உடனே தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே பணம் இருமுறை வழங்கப்பட்டு, பிறகு ஒன்றைத் திருப்பிக் கட்டச் சொல்லி நிறுவனம் கேட்கும். 'ரசீது எண் 0417229863. 35,700 ரூபாய் ஆகஸ்ட் 8 வெள்ளி, இந்திய நேரம் காலை 11 மணிக்குக் கணக்கில் வந்துவிட்டது. வேறு நடவடிக்கை வேண்டாம். புகாரை முடித்துவிடுங்கள்' என்ற அளவு போதுமானது.